கல்லெழுத்தும் கைப்பேசியும்

திருவண்ணாமலை எனது ஊர். கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் பதினாறுகால் மண்டபத்தைச் சிறு வயது முதல் நாள்தோறும் கடந்து சென்றவன் யான். ஆயினும் அம்மண்டபத்துள் நின்று கோபுரத்தை ஒரு படமாக எடுக்கவேண்டும் என்னும் எண்ணம் சென்ற ஆண்டு அக்டோபர் விடுமுறையிலேதான் எனக்கு உண்டாயிற்று. விடுதியில் என்னோடு உறையும் நண்பர் நாகர்கோவிலார். எங்களூர்க் கோபுரத்தைக் கண்டறியாதவர். "217 அடி உயரம், 11 நிலை" என்று யான் பெருமை பேசும்போதெல்லாம் அவர் புன்முறுவல் செய்து, "படம் இருந்தால் காட்டும்" என்பார். அவர் வாயை அடைக்கவே அன்று மாலை நாலரை மணிக்குக் கைப்பேசியும் கையுமாக அம்மண்டபத்துள் நின்றேன்.

நான் நின்ற இடத்தின் நிலையை முதற்கண் கூறிவிட வேண்டும். மண்டபத்தின் உட்புறம் இருண்டது. தூண்களும் மேற்கூரையும் கருங்கல். எதிரே கோபுரம். அதன் பின்னே மலை. கதிரவன் மேற்கே மலைப்பக்கம் சாய்ந்துவிட்டமையின், என்னை நோக்கிய கோபுர முகம் முழுவதும் நிழலில் இருந்தது. அதற்கு மேலே வானமோ கண் கூசும்படி வெளுத்திருந்தது. கைப்பேசியின் திரையில் கோபுரத்தைத் தொட்டால், கோபுரச் சிற்பங்கள் தெளிவாயின. வானமும் மலையின் விளிம்பும் வெள்ளைத் தாளாய் மறைந்தன. வானத்தைத் தொட்டால், மேகங்கள் அழகுற வந்தன, கோபுரம் கரிக்கட்டியாயிற்று, தூண்கள் இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாம் முறை திரையின் மேற்புறத்தில் இருந்த HDR என்னும் எழுத்தைத் தொட்டுவிட்டு எடுத்தேன். வானம், மலை, கோபுரம், மண்டபத் தூண் நான்கும் ஒருங்கே வந்தன. நண்பருக்கு உடனே அனுப்பினேன். "ஒப்புக்கொண்டேன்" என்று ஒரே சொல்லில் விடை வந்தது. அச்சொல்லால் உண்டான செருக்கே பின்வந்த பிழைக்கு வித்தாயிற்று.

எச்.டி.ஆர். என்பது யாது என்று அப்பொழுது எனக்குத் தெரியாது. பின்னர் அறிந்ததை இங்கே சுருங்கச் சொல்கின்றேன். நிழலில் இருக்கும் கோபுரச் சுவரினும் வானம் ஏறத்தாழ முப்பது மடங்கு ஒளியுடையது எனக் கொள்வோம். மண்டபத்தின் உட்கூரையினும் அச்சுவர் மீண்டும் ஒரு முப்பது மடங்கு ஒளியுடையதாயின், கூரைக்கும் வானத்துக்கும் இடையே ஆயிரம் மடங்கு அளவு வேறுபாடு உளதாகும். ஒளி ஒரு முறை இரட்டித்தலை ஒரு படி என்று வைத்தால், இது பத்துப் படி. பத்து முறை இரட்டித்தால் 1024 அன்றோ? நம் கண் இதனை இடரின்றிக் காண்கின்றது. ஆனால் அஃது ஒரே நோக்கில் காண்பதன்று. வானை நோக்குங்கால் கண்மணி சுருங்கும். தூணை நோக்குங்கால் விரியும். மனம் இரண்டினையும் இணைத்து ஒரு காட்சியாக்கிக் கொள்ளும். கைப்பேசியினுள் இருக்கும் சிறுவிரல் நகத்தளவான ஒளியுணரிக்கு அவ்வாறு சுருங்கி விரியும் இயல்பு இல்லை. மிக்க ஒளியில் அது நிறைந்து வழியும். மிக்க இருளில் ஒளியின் அளவினும் அதன் சொந்த இரைச்சலே மிகுந்து, புள்ளி புள்ளியாய்த் தோன்றும்.

ஆதலின் அஃது ஓர் உபாயம் செய்கின்றது. நாம் ஒரு முறை தொடும்போதே பல படங்களை விரைந்து எடுத்து விடுகின்றது. சில கைப்பேசிகள் ஒன்றைக் குறைந்த நேரமும் ஒன்றை மிகுந்த நேரமுமாக எடுத்து, வானத்தை முன்னதிலிருந்தும் நிழலைப் பின்னதிலிருந்தும் கொள்ளும். வேறு சில, எல்லாவற்றையும் குறைந்த நேரத்திலேயே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டு, இரைச்சலைத் தணித்தபின் நிழற்பகுதியை மட்டும் உயர்த்தும். கூகுள் நிறுவனத்தார் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய முறை இப்பின்னதே. எவ்வாறாயினும் முடிவில் நிகழ்வது ஒன்றுதான். பத்துப் படி வேறுபாட்டைத் திரை காட்டவல்ல சில படிகளுக்குள் அடக்கியாக வேண்டும். அதற்காக இருளை மேலே தூக்கி, ஒளியைக் கீழே அழுத்துகின்றது. எண்ணமும் பழையதே. கஸ்தாவ் லெ கிரே என்னும் பிரெஞ்சுக்காரர் 1850-களில் கடலுக்கு ஒரு கண்ணாடி நெகடிவும் வானத்துக்கு ஒரு நெகடிவும் கொண்டு, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார்.

இனி என் பிழைக்கு வருவேன்.

கோபுரத்தைப் படம் எடுத்த மறுநாட் காலை, ஊருக்குப் புறத்தே உள்ள ஓர் ஏரிக்கரைக்குச் சென்றேன். அங்கே கரைச்சரிவில் பாதி புதைந்த பலகைக் கல் ஒன்று நெடுநாளாகக் கிடந்தது. அதில் தமிழெழுத்து இருப்பதை இளமையிலேயே கண்டிருக்கின்றேன். துணி துவைப்பவர்கள் அதன்மேல் துணி உலர்த்துவார்கள். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் கல்வெட்டுப் பாடம் தொடங்கியிருந்தமையின், "உங்கள் ஊரில் எழுத்துடைய கல் ஏதேனும் கிடந்தால் படம் எடுத்து வாருங்கள்" என்று எங்கள் பேராசிரியர் சொல்லியனுப்பியிருந்தார். ஐந்து வரிகள் தெரிந்தன. எழுத்து நம் காலத்து எழுத்தோடு பெரிதும் ஒத்திருந்ததால், புள்ளி இல்லாதது ஒன்றைத் தவிர வேறு இடர்ப்பாடு எனக்குத் தோன்றவில்லை. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. அருகே நின்ற வேம்பின் நிழல் கல்லின் வலப்பாதியில் படிந்திருந்தது. பாதி வெயில், பாதி நிழல் என்பதைக் கண்டவுடன், முன்னாள் மாலைக் கோபுரம் நினைவுக்கு வர, எச்.டி.ஆர். எரிந்துகொண்டிருந்ததை அப்படியே விட்டு இரண்டு படம் எடுத்தேன். திரையில் கல் முழுவதும் ஒரே சீராகத் தெரிந்தது. மகிழ்ந்து வீடு திரும்பினேன்.

விடுமுறை முடிந்து வகுப்பில் அப்படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டினோம். முதல் மூன்று வரிகளை ஒருவாறு படித்தோம். நான்காம் வரியில் "பணம்" என்னும் சொல்லும் அதனையடுத்து ஓர் எண்ணும் இருந்தன. ஏரிக்கு யாரோ கொடுத்த பணத்தின் தொகை அது. பேராசிரியர் எழுந்து சுவரருகே சென்று நெடுநேரம் நோக்கினார்.

"தம்பி, இது நான்கா, ஆறா?"

தமிழெண்களை அறிந்தார்க்கு இவ்வினாவின் நுட்பம் புலனாகும். நான்கு ௪, 'ச' போன்றது. ஆறு ௬, 'சு' போன்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கீழே வளையும் ஒரு கோடு. அக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் படத்தில் சாம்பல் நிறமான ஒரு மங்கலும், அதனருகே மூன்று கரும்புள்ளிகளும் இருந்தன. புள்ளிகள் கல்லின் இயற்கைக் குழிகளா, கோட்டின் எச்சமா என்று சொல்லக்கூடவில்லை.

"நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லுகின்றேன், ஐயா" என்றேன்.

கார்த்திகைத் தீபத்துக்கு ஊர் சென்றபோது ஏரிக்கரைக்கு ஓடினேன். கரை உயர்த்தப்பட்டிருந்தது. சரிவெங்கும் புதுக் கல்லடுக்கு. சந்துகளில் சிமெண்ட் பூச்சு. பலகைக் கல்லைக் காணவில்லை. அருகில் ஆடு மேய்த்த பெரியவரை வினவினேன். "பெரிய கல்லெல்லாம் அடியிலே போட்டு மண்ணைக் கொட்டிட்டாங்க, தம்பி" என்றார். அடியில் என்றால் எவ்விடத்தில் என்று கேட்டதற்கு, கரை நெடுகக் கையை வீசிக் காட்டினார். அன்று என் கைப்பேசியில் இருந்த இரண்டு படங்களையன்றி அவ்வைந்து வரிகளுக்கு இவ்வுலகில் வேறு சான்று இல்லை என்பதை உணர்ந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என் தாய்மாமன் ஊரில் ஒரு சிறு ஸ்டூடியோ நடத்தியவர். பிலிம் காலத்தில் இருட்டறையில் அச்சிட்டுப் பழகியவர். அன்றிரவு படங்களை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"ஏண்டா, கல்லுக்குப் பவுடர் பூசிவிட்டாயா?"

"எச்.டி.ஆர். போட்டு எடுத்தேன், மாமா."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். எழுத்து என்பது என்ன? கல்லில் அது நிறமா? குழிதானே. குழியைக் காட்டுவது நிழல். நிழலை எடுத்துவிட்டால் எழுத்து எங்கே இருக்கும்?"

அவர் கூறியதைப் பின்னர்ப் பல முறை சோதித்து, இன்னும் சற்று விரிவாக விளங்கிக்கொண்டேன். எச்.டி.ஆர். எல்லா வேறுபாட்டையும் ஒரே அளவாய் அடக்குவதில்லை. பரந்த இடத்து வேறுபாடுகளை மிகுதியாக அடக்கும். மிக நுண்ணிய விளிம்புகளை விட்டுவைக்கும். பல கைப்பேசிகளில் அவற்றைக் கூர்மையும் ஆக்கும். வெட்டெழுத்தின் பள்ளம் ஓரிரு நெல் அகலம் உடையது; அதன் நிழல் ஒரு புறம் கறுத்து மறுபுறம் மெல்ல வெளுக்கும் மென்மையான நிழல். கருங்கல்லின் இயற்கைக் குழிகளும் பொடிமணிகளுமோ கடுகினும் சிறியவை. ஆகவே எழுத்தின் அகன்ற நிழல் அடங்கி வெளுத்தது. கல்லின் குழிகள் கூர்மையுற்றுக் கறுத்தன. எழுத்தும் குழியும் ஒரே நிறையாக நின்றன. எது உளி பட்டது, எது படாதது என்று கண்ணுக்கு அடையாளம் இல்லாமற் போயிற்று. படம் முதற்பார்வைக்குத் தெளிவாகவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள வஞ்சம். ஒவ்வொரு மணியும் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது.

கோபுரத்தில் ஏன் இத்தீங்கு நேரவில்லை என்று கேட்கலாம். அங்கே இருளும் ஒளியும் வெவ்வேறு பொருள்கள். இருண்டது தூண், ஒளிர்வது வானம். இரண்டையும் காண வேண்டும். இரண்டினிடையே உள்ள வேறுபாட்டை யாரும் அளக்கப் போவதில்லை. கல்லில் இருளும் ஒளியும் ஒரே பொருளின் இரு பக்கம். அவற்றின் வேறுபாடே செய்தி. இவ்வேற்றுமையைக் கண்ட பிறகு, எவ்விடத்தில் அவ்வெழுத்தைத் தொடுவது, எவ்விடத்தில் தொடாதிருப்பது என்னும் ஐயம் எனக்குப் பெரிதும் நீங்கிற்று.

ஆயினும் அக்கோபுரப் படமும் குற்றமற்றதன்று. மாமா அதனையும் விடவில்லை. கலசங்களைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு ஒன்று ஓடியிருப்பதைக் காட்டினார். இருளைத் தூக்கிய பகுதியும் ஒளியை அழுத்திய பகுதியும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் எல்லை சரியாக அமையாவிடில் அவ்விளிம்பு தோன்றுமாம். மண்டபத்தின் முன்னே நடந்து சென்ற ஒருவருக்கு ஒன்றரைக் கால் இருந்தது. அடுக்கிய படங்களுக்கு இடையே அவர் நகர்ந்துவிட்டதனால் வந்தது அது. வேறொன்றையும் சொன்னார். "வானத்தையும், கோபுரத்துக் கீழே இருக்கிற வெள்ளைச் சுவரையும் பார். எது வெளுப்பு?" சுவரே வெளுப்பாக இருந்தது. வானத்தின் ஒளியால் விளங்கும் சுவர் அவ்வானத்தினும் வெளுப்பாக இருத்தல் உலகில் மிக அரிது. இக்குறி ஒன்றைக் கொண்டே மிகையான எச்.டி.ஆர். படத்தைக் கண்டுகொள்ளலாம் என்றார். மனிதர் நிற்கும் படத்தில் அவர் காலடி நிழலைப் பார்க்க வேண்டுமாம். அது வெளுத்துவிட்டால் ஆள் தரையில் நில்லாது மிதப்பது போலத் தோன்றும். இருட்டறையில் தாமும் இதனையே கையால் செய்ததாகவும், அச்சிடும்போது நிழற்பகுதியின்மேல் உள்ளங்கையை ஆட்டி ஒளியை மறைப்பது வழக்கமென்றும், மறைத்தது தெரியாதபடி மறைப்பவனே கைதேர்ந்தவன் என்றும் சொல்லிச் சிரித்தார்.

அத்தீபத்து மாலையிலேயே மற்றொரு படமும் கெட்டது. அதனைச் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்கின்றேன். 2668 அடி மலையுச்சியில் மாலை ஆறு மணிக்குத் தீபம் ஏற்றுவர். எங்கள் மொட்டைமாடியிலிருந்து யானும் எடுத்தேன். எச்.டி.ஆர். மலையின் இருளை எல்லாம் தூக்கிவிட்டது. மலை சாம்பல் நிறமாய், புதர்கள்கூடத் தெரிய, வானம் அழுக்கு நீலமாய் வந்தது. உச்சியில் ஒரு வெளிறிய புள்ளி. அடுத்த வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "இது தீபமா, கம்பத்து விளக்கா?" என்றார். எச்.டி.ஆரை அணைத்து, திரையில் சுடரையே தொட்டு, அருகே தோன்றும் கதிரவன் குறியைக் கீழே இழுத்து மீண்டும் எடுத்தேன். மலை முழுக் கருமையாயிற்று. சுடர் செம்பொன்னாய் நின்றது. பாட்டி அதனைத் தம் பேரனுக்கு அனுப்பச் சொன்னார். இருளே காட்சியாய் இருக்குமிடத்தில் இருளைப் போக்குதல் எவ்வளவு பேதைமை என்பதற்கு வேறு விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கல்லெழுத்துக்கே உரிய முறையைக் கற்றுக்கொள்ள முனைந்தேன். கிரிவலப் பாதையின் ஓரத்தில் பழைய மண்டபம் ஒன்றின் அடித்தளத்தில் இரண்டு வரி எழுத்து உண்டு. அதனை ஒரே நாளில் பல வேளைகளில் எடுத்துப் பார்த்தேன். நண்பகலில் எச்.டி.ஆர். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றும் பயனில்லை. உச்சி வெயில் கூசும் ஒளியாய்க் கல்லெங்கும் பரந்து, பள்ளத்தின் அடி வரையும் சென்றுவிட்டது. காலை ஏழு மணி வெயில் கல்லின் முகத்தைத் தடவினாற்போலச் சென்றது, எச்.டி.ஆர். இன்றி எடுத்த படத்தில் எழுத்துக்கள் கறுத்து எழுந்தன. அதே நிமிடத்தில் எச்.டி.ஆர். இட்டு எடுத்ததில் அவை மங்கின. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே கல்லென்று சொல்லத் தயங்குவோம்.

யாவற்றினும் சிறந்த பயன் மாலையில் கிடைத்தது. மாமா குடை ஒன்றை விரித்துக் கல்லின்மேல் வெயிலே படாதவாறு மறைத்தார். யான் கைவிளக்கைக் கல்லின் இடப்புறத்தில், முகப்பிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாமல், ஒரு முழத்துக்கு அப்பால் பிடித்தேன். ஒளி கிடையாகச் சறுக்கிச் சென்றது. கைப்பேசியில் Pro என்னும் முறையைத் தேர்ந்து, கல்லின் மிக ஒளிர்ந்த பகுதியும் வெளுத்துப்போகாத அளவுக்கு ஒளியைக் குறைத்து, கையசையாமல் செங்கல் ஒன்றின்மேல் சாய்த்து எடுத்தேன். பின்னர் விளக்கை வலப்புறத்திலும் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் பிடித்து மேலும் மூன்று படம். இதற்குக் காரணம் உண்டு. இடமிருந்து வரும் ஒளியில் நின்ற கோடுகள் நன்கு தெரியும். கிடந்த கோடுகள் ஒளியின் போக்கிலேயே இருத்தலின் மறையும். மேலிருந்து வரும் ஒளியில் கிடந்த கோடுகள் தெரியும். நான்கையும் ஒப்புநோக்கினால் எதிரெதிர் ஒளிகளில் ஒரே வடிவாய் நிற்பது பெரும்பாலும் உளிக் கோடு. ஓரொளியில் தோன்றி அதன் எதிரொளியில் உருமாறுவது பெரும்பாலும் கல்லின் குறை. என் பழைய படத்தின் மூன்று கரும்புள்ளிகளையும் இவ்வாறு சோதித்திருந்தால் ஐயத்துக்கு இடமே இராது.

எழுத்தின்மேல் சுண்ணக்கட்டியால் தேய்த்து எடுத்தால் எளிதன்றோ என்று நண்பர் கேட்டார். அது கூடாது. எவ்விடத்தில் தேய்ப்பது என்பதைத் தேய்ப்பவனே முடிவு செய்கின்றான். படத்தில் தெரிவது கல்வெட்டு அன்று, அவன் கருத்து. கல்லுக்கும் தீங்கு. வெள்ளை வேட்டியை மறுபுறத்தில் பிடித்து நிழலை வெளுக்கச் செய்யலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். ஆள் முகத்துக்கு அது நன்று, கல்லுக்கு அது வேட்டி உருவில் வந்த எச்.டி.ஆரேயாம். கல்வெட்டறிஞர் ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, தட்டி, மை தடவி எடுக்கும் மைப்படியே இன்றும் சிறந்த சான்று. அஃது ஒளியை நம்பியதன்று. அதற்குப் பயிற்சியும் இசைவும் வேண்டும். எம்போன்ற மாணாக்கர்க்கு விளக்கும் குடையும் போதும்.

ஒரு செய்தியை இங்கே குறித்தல் தகும். புதிய கைப்பேசிகள் சிலவற்றில் எச்.டி.ஆரை அணைக்கும் பொத்தானே இல்லை. Auto என்று தானே முடிவு செய்யும், அல்லது எப்பொழுதும் செய்யும். அங்கே Pro முறையோ, RAW என்னும் கோப்பாகச் சேமிக்கும் வழியோ இருந்தால் அதனைக் கொள்ளலாம். அதுவும் இல்லையாயின், காட்சியில் ஒளி வேறுபாட்டையே குறைத்துவிட வேண்டும். படத்தின் ஓரத்தில் வானம் ஒரு துண்டும் தெரியாதபடி கல்லை மட்டும் நிரப்பி எடுத்தால் கருவிக்கு அடக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இராது; எழுத்தின் நிழல் ஓரளவு தப்பும். ஏரிக்கரையில் யான் செய்த இரண்டாம் பிழை இதுவே. கல்லோடு மேலே நீரையும் வானத்தையும் அழகுக்காகச் சேர்த்திருந்தேன்.

மீண்டும் அந்த எண்ணுக்கு வருவோம். இழந்த நிழலைத் திரும்பப் பெறலாமோ என்று பல இரவு முயன்றேன். படத்தைத் திருத்தும் செயலியில் நிழலைக் கறுக்கச் செய்யும்படி அதன் அளவைக் குறைத்தும், ஒளி வேறுபாட்டை மிகுத்தும் பார்த்தேன். எழுத்து கறுத்தது, அதனோடு குழிகளும் கறுத்தன. கருவி ஒவ்வோர் இடத்தையும் வெவ்வேறு அளவாய்த் தூக்கியிருந்தமையால், யான் படம் முழுவதையும் ஒரே அளவாய் இறக்கியது பொருந்தவில்லை. வேம்பின் நிழல் விழுந்த வலப்பாதியில் இரைச்சலைத் தணிக்கும்பொருட்டுக் கருவி மெழுகியிருந்தது. அங்கே இருந்த நுண்மை மீளவே இல்லை. நான்காம் வரியின் எண் அவ்வலப்பாதியில்தான் இருந்தது. இரண்டாம் படத்தில் மட்டும், மிகப் பெரிதாக்கினால், 'ச'வின் அடியில் ஒரு வளைவின் தொடக்கம் போன்ற ஒன்று தெரிகின்றது. பேராசிரியரிடம் காட்டினேன். அவரும் ஒரு நாள் ஆறு என்றார். மறுநாள் நான்கு என்றார். மூன்றாம் நாள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "நீயும் நானும் காண விரும்புவதைக் காண்கிறோம்" என்று சொல்லி மூடிவிட்டார்.

ஏரிக்கு அந்நாளில் நான்கு பணம் கொடுத்த ஒருவருக்கு ஆறு பணம் என்று புகழ் எழுதினால் பெரிய கேடில்லை என்று நண்பர் ஆறுதல் கூறினார். ஆறு கொடுத்தவருக்கு நான்கு என்று எழுதினாலோ என்றேன். அவர் விடை கூறவில்லை.

ஐயமுள்ள எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவது கல்வெட்டுப் பதிப்பாளர் வழக்கம். எங்கள் துறை ஏட்டில் அவ்வைந்து வரிகளையும் என் கையாலேயே எழுதிச் சேர்த்துள்ளேன். நான்காம் வரியின் முடிவு அதில் இவ்வாறு நிற்கின்றது: பணம் [௪].